மீட்டர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஒரு புதிய 9 வோல்ட் பாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மல்டிமீட்டரில் அதன் மின்னழுத்தத்தை அளக்கிறீர்கள், 9.32 என்று காட்டுகிறது. பக்கத்து மேசையில் உங்கள் நண்பர் தன்னுடைய மீட்டரில் அதே பாட்டரியை அளக்கிறார், 9.38 என்று காட்டுகிறது. இரண்டும் ஒரே மாதிரி மீட்டர்கள், ஒரே கடையில் வாங்கியவை. யாருடைய மீட்டர் சரி? யாருடையது தவறு?

அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க இரண்டு காரியங்கள் வேண்டும். ஒன்று, மீட்டருடன் பெட்டியில் வந்த சிறு குறிப்புத் தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். மற்றொன்று, மீட்டரை அதைவிட நம்பகமான ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் வரிசையாகச் செய்து பார்ப்போம்.

குறிப்புத் தாளில் உள்ள புதிர்

நாம் எடுத்துக்கொள்வது பள்ளிகளிலும் ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளிலும் சாதாரணமாகக் காணப்படும் சிறிய எண் மல்டிமீட்டர். இதன் திரையில் காட்டக்கூடிய மிகப் பெரிய எண் 1999. நடுவில் உள்ள குமிழைத் திருப்பி வீச்சைத் தேர்ந்தெடுக்கும்போது தசமப் புள்ளி மட்டும் இடம் மாறுகிறது. 20 வோல்ட் வீச்சில் 19.99 வரை காட்டும். 200 வோல்ட் வீச்சில் 199.9 வரை காட்டும்.

குறிப்புத் தாளில் நேர்மின்னோட்ட மின்னழுத்தத்திற்கு எதிரே, 20 வோல்ட் வீச்சுக்கு இப்படி அச்சிட்டிருக்கும்:

±(0.5% + 2)

மின்தடைக்கு எதிரே ±(0.8% + 2) என்று இருக்கும். எண்கள் மீட்டருக்கு மீட்டர் சற்று வேறுபடலாம். எழுதும் முறை ஒன்றுதான். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. இரண்டையும் தனித்தனியே புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பகுதியான 0.5% என்பது மீட்டர் காட்டும் அளவில் அரை விழுக்காடு. 5 வோல்ட்டைக் காட்டினால் அதில் அரை விழுக்காடு 0.025 வோல்ட். முள் நகரும் பழைய மீட்டர்களில் இந்தக் கணக்கு வேறு. அங்கே விழுக்காடு முழு வீச்சைப் பொறுத்தது. 10 வோல்ட் வீச்சில் 3 விழுக்காடு என்றால், முள் 1 வோல்ட்டில் நின்றாலும் 0.3 வோல்ட் பிழை இருக்கலாம். எண் மீட்டரில் இந்தப் பகுதி அளவோடு சேர்ந்து சுருங்கும்.

இரண்டாம் பகுதியான 2 என்பது இரண்டு வோல்ட் அல்ல. இரண்டு விழுக்காடும் அல்ல. திரையின் கடைசி இலக்கத்தில் இரண்டு படிகள் என்று பொருள். 20 வோல்ட் வீச்சில் கடைசி இலக்கத்தின் ஒரு படி 0.01 வோல்ட். ஆகவே இரண்டு படிகள் 0.02 வோல்ட். இந்தப் பகுதி அளவோடு சுருங்காது. அளப்பது 19 வோல்ட்டானாலும் அரை வோல்ட்டானாலும் 0.02 அப்படியே நிற்கும்.

இப்போது பாட்டரிக்குத் திரும்புவோம். 9.32-இல் அரை விழுக்காடு ஏறத்தாழ 0.05. அதோடு 0.02 சேர்த்தால் 0.07. ஆகவே உங்கள் மீட்டர் உண்மையில் சொல்வது 9.32 என்ற ஒற்றை எண்ணை அல்ல. "மின்னழுத்தம் 9.25-க்கும் 9.39-க்கும் இடையே எங்கோ இருக்கிறது" என்றுதான் அது சொல்கிறது. நண்பரின் மீட்டர் சொல்வது 9.31-க்கும் 9.45-க்கும் இடையே. 9.31 முதல் 9.39 வரை இரண்டுக்கும் பொதுவான இடம் இருக்கிறது. எனவே இரண்டு மீட்டர்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சண்டைக்கு இடமே இல்லை.

வீச்சைத் தவறாகத் தேர்ந்தால்

அந்த இரண்டு படிகளை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம். 5 வோல்ட் மின்னழுத்தம் ஒன்றை மூன்று வீச்சுகளில் அளப்பதாகக் கொள்வோம்.

20 வோல்ட் வீச்சில் பிழை எல்லை 0.025 + 0.02, அதாவது 0.045 வோல்ட். 200 வோல்ட் வீச்சில் ஒரு படி என்பது 0.1 வோல்ட். ஆகவே எல்லை 0.025 + 0.2, அதாவது 0.225 வோல்ட். 1000 வோல்ட் வீச்சில் ஒரு படி முழு 1 வோல்ட். இங்கே விழுக்காடும் பெரும்பாலும் 0.8 ஆக இருக்கும். எல்லை 0.04 + 2, அதாவது 2.04 வோல்ட். அந்த வீச்சில் திரை 3 என்று காட்டினாலும் 7 என்று காட்டினாலும் மீட்டர் தன் வாக்கை மீறவில்லை!

அளவு அடங்கக்கூடிய மிகச் சிறிய வீச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதைவிடச் சிறிய வீச்சுக்குப் போனால் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்று, "என் எல்லையைத் தாண்டிவிட்டது" என்று தெரிவிக்கும்.

எதோடு ஒப்பிடுவது?

குறிப்புத் தாள் ஒரு வாக்குறுதி. அதை மீட்டர் காப்பாற்றுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? கடைக்காரர் தன் தராசை மற்றொரு கடைத் தராசோடு ஒப்பிட்டுப் பயனில்லை. முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுபோல, நண்பரின் மீட்டரோடு ஒப்பிடுவது சோதனை ஆகாது. மீட்டரைவிடத் துல்லியமான ஓர் ஒப்பளவு வேண்டும். அளவீட்டுக் கூடங்களில் வழக்கமாக ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள்: ஒப்பளவின் பிழை, சோதிக்கப்படும் கருவியின் பிழையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

புதிய டார்ச் மின்கலம் ஒப்பளவாகுமா? ஆகாது. அதன்மேல் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் புதிதில் அது 1.6 வரை காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும். செல்பேசி மின்னூட்டியின் 5 வோல்ட்டும் ஆகாது. ஐந்து விழுக்காடு வரை விலகியிருந்தாலும் அதன் வேலை நடந்துவிடும்.

இதற்கென்றே செய்யப்பட்ட ஐ.சி.க்கள் இருக்கின்றன. எல்.எம். 4040 என்பது அவற்றில் ஒன்று. இது 2.5 வோல்ட், 5 வோல்ட் போன்ற சில குறிப்பிட்ட மின்னழுத்தங்களில் கிடைக்கிறது. வாங்கும்போது தரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏ தரம் என்றால் அறை வெப்பநிலையில் பிழை 0.1 விழுக்காட்டுக்குள் இருக்கும். டி தரம் என்றால் 1 விழுக்காடு. நமக்கு டி தரத்தால் பயனில்லை.

சுற்று மிக எளிது. 9 வோல்ட் பாட்டரி, அதன் நேர்முனையிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் மின்தடை, அதன் மறுமுனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 5 வோல்ட் ஐ.சி. கால்களின் வரிசையை ஐ.சி.யின் குறிப்புத் தாளில் பார்த்து இணையுங்கள். மின்தடையின் குறுக்கே 9 − 5 = 4 வோல்ட் விழுகிறது. ஆகவே அதில் 4 மில்லி ஆம்பியர் ஓடும். இந்த ஐ.சி. 15 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். பாட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 2 மில்லி ஆம்பியர் ஓடும். அதுவும் இதற்குப் போதும். பாட்டரி இறங்கினாலும் ஐ.சி.யின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் 5 வோல்ட்டிலேயே நிற்கும். இதேபோல் 2.5 வோல்ட் ஐ.சி. ஒன்றையும் தனியே இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தச் சோதனை

குமிழை 20 வோல்ட் வீச்சில் வையுங்கள். முதலில் சிவப்புக் கம்பியின் நுனியையும் கறுப்புக் கம்பியின் நுனியையும் ஒன்றோடொன்று தொடுங்கள். திரை 0.00 காட்ட வேண்டும். இரண்டு படிகள் வரை விலகலாம்; அதற்கு மேல் கூடாது.

அடுத்து 5 வோல்ட் ஒப்பளவைத் தொடுங்கள். எல்லை 0.045 என்று முன்பே கணக்கிட்டோம். ஒப்பளவின் சொந்தப் பிழை 0.005 வோல்ட். இது நான்கில் ஒரு பங்கைவிட மிகக் குறைவு. ஆகவே நமது விதிக்கு உட்பட்டது. இந்தச் சிறு பிழைக்கும் இடம் விட்டு எல்லையை இருபுறமும் 0.005 சுருக்குவோம். திரை 4.96-க்கும் 5.04-க்கும் இடையே காட்டினால் மீட்டர் தேறியது. 2.5 வோல்ட்டில் எல்லை 0.0125 + 0.02, ஏறத்தாழ 0.03. அங்கே 2.47 முதல் 2.53 வரை இருக்க வேண்டும்.

இப்போது ஒரு மீட்டர் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது 5 வோல்ட்டுக்கு 5.13 காட்டுகிறது, 2.5 வோல்ட்டுக்கு 2.56 காட்டுகிறது. கம்பிகளைச் சேர்த்தால் 0.00 காட்டுகிறது. என்ன கோளாறு? கணக்கிட்டுப் பாருங்கள். முதல் விலகல் 0.13, இரண்டாவது 0.06. அளவு பாதியானதும் விலகலும் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. சுழியில் விலகலே இல்லை. அதாவது மீட்டர் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில், இரண்டரை விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒரே ஓர் அளவில் மட்டும் சோதித்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

காரணத்தை அறிய மீட்டரின் உள்ளே பார்க்க வேண்டும். இத்தகைய மீட்டர்கள் பலவற்றின் இதயம் 7106 என்ற வகை ஐ.சி. அது செய்வது ஓர் ஒப்பீடுதான். வரும் மின்னழுத்தத்தைத் தன்னிடமுள்ள 0.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தால் வகுத்து, 1000-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. 20 வோல்ட் வீச்சில், வரும் மின்னழுத்தம் முதலில் நூறில் ஒரு பங்காகக் குறைக்கப்படும். 5 வோல்ட் 0.05 வோல்ட்டாகிறது. 0.05-ஐ 0.1-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 500. புள்ளியை இட்டால் 5.00.

மீட்டருக்கு உள்ளே இருக்கும் 9 வோல்ட் பாட்டரி தளர்ந்து 7 வோல்ட்டுக்கும் கீழே போனால், அந்த 0.1 வோல்ட்டை நிலையாக வைத்திருக்க ஐ.சி.யால் முடியாது. அது 0.0975 ஆகக் குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். 0.05-ஐ 0.0975-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 513. திரையில் 5.13! வகுக்கும் எண் சிறிதானால் ஈவு பெரிதாகும் என்பது நீங்கள் சிறு வகுப்பில் படித்ததுதான். பாட்டரி தளர்ந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்த வகை மீட்டர் கூட்டிக் காட்டும்.

இதில் உள்ள ஆபத்தைப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி முழு மின்னேற்றத்தில், சில மணி நேரம் ஓய்விலிருந்த பிறகு, ஏறத்தாழ 12.7 வோல்ட் இருக்கும். 12.2-க்கு வந்துவிட்டால் பாதி மின்னேற்றம் தீர்ந்துவிட்டது என்று பொருள். நமது தளர்ந்த மீட்டர் 12.2-ஐ 12.51 என்று காட்டும். பாதி காலியான பாட்டரி நல்ல நிலையில் இருப்பதாக நம்பி விட்டுவிடுவோம். ஈய-அமில பாட்டரியை அப்படிக் குறைந்த மின்னேற்றத்திலேயே போட்டு வைத்தால் அது விரைவில் கெடும்.

ஆகவே விகிதப் பிழையைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது மீட்டரின் பாட்டரியை மாற்றிவிட்டு மறுபடி சோதிப்பது. மீட்டரின் உள்ளே திருகாணி முனையால் திருப்பக்கூடிய ஒரு சிறு மாறு மின்தடை இருக்கும். அதைத் திருப்பினால் திரையில் 5.00 வரும் என்று ஆசைப்பட்டு அதைத் தொடாதீர்கள். பழைய பாட்டரியோடு அதைத் திருப்பிவிட்டால், புதிய பாட்டரி போட்ட அன்றே மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

மின்தடைச் சோதனை

மின்னழுத்த வீச்சு தேறிவிட்டால் மின்தடை வீச்சும் தேறியதாகக் கொள்ளலாமா? கூடாது. மேலே சொன்ன தளர்ந்த பாட்டரியோடு 1 கிலோ ஓம் மின்தடையை அளந்தால் பெரும்பாலும் சரியான அளவையே காட்டும். மின்தடையை அளக்கும்போது ஐ.சி. வேறு வழியைப் பின்பற்றுகிறது. உள்ளேயிருக்கும் தெரிந்த மின்தடையையும் வெளியே நாம் இணைக்கும் தெரியாத மின்தடையையும் தொடராக வைத்து, ஒரே மின்னோட்டத்தை இரண்டின் வழியாகவும் செலுத்துகிறது. இரண்டின் குறுக்கே உள்ள மின்னழுத்தங்களின் விகிதம்தான் திரையில் தெரிகிறது. மின்னோட்டம் சற்றுக் குறைந்தால் இரண்டுமே ஒரே விகிதத்தில் குறையும், ஈவு மாறாது. இதனால் மின்தடை வீச்சு மின்னழுத்த வீச்சுக்குச் சாட்சி சொல்ல முடியாது. மின்னழுத்த வீச்சு மின்தடை வீச்சுக்கும் சாட்சி சொல்ல முடியாது. தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இங்கே ஒப்பளவு 0.1 விழுக்காடு துல்லியமுள்ள உலோகப் படல மின்தடை. 1 கிலோ ஓம் மின்தடையை 2000 ஓம் வீச்சில் அளக்கிறோம். 0.8 விழுக்காடு என்பது 8 ஓம். இரண்டு படிகள் என்பது 2 ஓம். எல்லை 10 ஓம். ஒப்பளவின் பிழை 1 ஓம். அதற்கு இடம் விட்டால் திரை 991-க்கும் 1009-க்கும் இடையே காட்ட வேண்டும்.

இதையே சாதாரண 1 விழுக்காடு மின்தடையால் செய்தால் என்ன? அந்த மின்தடையே 990 முதல் 1010 வரை எதுவாகவும் இருக்கலாம். மீட்டர் 1014 காட்டினால் குற்றம் மீட்டருடையதா, மின்தடையுடையதா? சொல்ல வழியில்லை. தங்க நிற வளையமுள்ள 5 விழுக்காடு மின்தடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிறிய மின்தடையில் ஒரு தடங்கல் உண்டு. 100 ஓம் ஒப்பளவை 200 ஓம் வீச்சில் அளக்கும்போது எல்லை 0.8 + 0.2, அதாவது 1 ஓம். திரை 101.3 காட்டுகிறது. மீட்டர் தவறிவிட்டதா? பொறுங்கள். கம்பிகளின் நுனிகளைச் சேர்த்துத் தொடுங்கள், 0.6 காட்டுகிறது. இது சோதனைக் கம்பிகளுடைய சொந்த மின்தடை. அதைக் கழித்தால் 100.7. ஒப்பளவின் 0.1 ஓமுக்கு இடம் விட்டாலும் எல்லைக்குள் இருக்கிறது. நுனிகளைச் சேர்க்கும்போது எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால், கம்பியின் உள்ளே இழைகள் அறுந்திருக்கலாம். அல்லது நுனியில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

பெரிய மின்தடையில் தடங்கல் நம் விரல்கள். 1 மெகா ஓம் மின்தடையின் இரு முனைகளையும் நுனிகளோடு சேர்த்து விரல்களால் பிடித்துக்கொண்டால், நம் உடல் அதற்கு இணையாக இணைக்கப்பட்டதாகிவிடும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு உடலின் மின்தடை 2 மெகா ஓம் என்று கொண்டால், திரை 667 கிலோ ஓம் காட்டும். கை வியர்த்திருந்தால் இன்னும் குறையும். மின்தடையை மேசைமேல் வைத்து, ஒரு முனையையாவது தொடாமல் அளவிடுங்கள்.

வெயிற்காலத்தில் ஒரு சங்கடம்

குறிப்புத் தாளின் அடியில், பலரும் படிக்காத சிறிய எழுத்துகளில் ஒரு நிபந்தனை இருக்கும். துல்லியம் 23 ± 5 பாகை செல்சியசில் மட்டுமே என்பது அது. அதாவது 18 முதல் 28 பாகை வரை. மே மாதத்தில் நம் ஊர் வகுப்பறை 36 பாகை இருக்கும். அப்போது அந்த வாக்குறுதி அப்படியே பொருந்தாது. சில குறிப்புத் தாள்களில், எல்லைக்கு வெளியே செல்லும் ஒவ்வொரு பாகைக்கும் பிழையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கும். 36 என்பது 28-ஐவிட 8 பாகை அதிகம். ஆகவே 5 வோல்ட்டில் 0.045 என்ற எல்லை 0.081 ஆகிறது. அப்படி எதுவும் சொல்லாத தாள் என்றால், விடியற்காலையில் குளிர்ந்த அறையில் சோதிப்பதே நல்லது. துல்லியம் ஓர் ஆண்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் உடன் இருக்கும்.

நாம் சோதித்தது எதை, சோதிக்காதது எதை என்பதையும் குறித்து வையுங்கள். 20 வோல்ட் வீச்சை மூன்று இடங்களில் பார்த்தோம். மின்தடையில் சில வீச்சுகளைப் பார்த்தோம். 200 வோல்ட், 1000 வோல்ட் வீச்சுகளையும் மாறுமின்னோட்ட வீச்சுகளையும் நாம் தொடவில்லை. அவற்றைச் சோதிக்கிறேன் என்று சுவரிலுள்ள மின் இணைப்பில் கம்பிகளைச் செருகாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. மேலும், அந்த மின்னழுத்தமே நேரத்துக்கு நேரம் மாறுவதால் அது ஒப்பளவும் ஆகாது.

கடைசியாக ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். நம் ஐ.சி. 0.1 விழுக்காட்டுக்குள் இருக்கிறது என்று யார் பார்த்தது? தயாரித்தவர்கள் அதைவிடத் துல்லியமான கருவியால் பார்த்தார்கள். அந்தக் கருவியை அதைவிட மேலான ஒன்றால் பார்த்தார்கள். இப்படிச் சங்கிலி மேலே மேலே போய் ஒவ்வொரு நாட்டின் தேசிய அளவீட்டுக் கூடத்தில் முடிகிறது. இந்தியாவில் அது புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அத்தகைய கூடங்களில் வோல்ட்டை உருவாக்குவது, பிரையன் ஜோசப்சன் 1962-இல் முன்கூட்டிச் சொன்ன விளைவின் மூலம். இரு மீக்கடத்திகளுக்கு இடையே மெல்லிய தடுப்பை வைத்து நுண்ணலைகளைச் செலுத்தினால் குறிப்பிட்ட படிகளில் மின்னழுத்தம் தோன்றும். படியின் அளவை நுண்ணலையின் அதிர்வெண்ணும் இயற்கையின் இரு மாறிலிகளுமே முடிவு செய்கின்றன. சங்கிலியின் உச்சியில் இருப்பது இன்னொரு மீட்டர் அல்ல, இயற்கையே.

இனி அந்த 9 வோல்ட் பாட்டரியை மறுபடி அளந்து பாருங்கள். உங்கள் மீட்டர் ஒப்பளவில் 4.99 காட்டித் தேறியிருந்தால், செய்முறை ஏட்டில் வெறுமனே 9.32 என்று எழுத வேண்டாம். 9.32 ± 0.07 வோல்ட் என்று எழுதுங்கள். பக்கத்து மேசை நண்பரும் தன் மீட்டரைச் சோதித்து அப்படியே எழுதட்டும். இரண்டு ஏடுகளும் அப்போது ஒரே செய்தியைச் சொல்லும்.